வவுனியாவில் மூன்றரை மணி: கட்டுநாயக்காவுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் வழியாகச் சுமார் 370 கிலோமீற்றர். ஊருக்குப் போய்த் திரும்பும் நம்மவர்கள் பலருக்கும் பயணத்தின் கடைசி நாள் இந்த வீதியிலேதான் கழிகிறது. பெட்டியில் என்ன வைப்பது, என்ன வைக்கக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் எழுத வந்தது, அந்த வீதியில் நிற்கும்போது இனி எந்த வேகத்தில் போனால் விமானத்தைப் பிடிக்கலாம் என்று சரியாகக் கணக்குப் பார்ப்பது பற்றி. மனக்கணக்காகப் பார்த்தால் அது ஏமாற்றிவிடும். எங்களை ஏமாற்றியது.

முதலில் கெடு நேரம். எங்கள் விமானம் இரவு 9:30 மணிக்கு. கவுண்டர் ஒரு மணி நேரம் முன்னதாக, 8:30க்கு மூடும் என்று ரிக்கற்றில் இருந்தது. வானிலிருந்து பெட்டிகளை இறக்கி, வாசலில் சோதனை முடித்து, வரிசையில் நிற்க அரை மணி நேரம் வேண்டும். ஆகவே வான் விமான நிலைய வாசலில் நிற்கவேண்டிய நேரம் இரவு 8:00 மணி. ரிக்கற்றில் பெரிய எழுத்தில் உள்ள 9:30ஐ வைத்துக் கணக்குப் போடுபவர்கள் தொடங்குவதற்கு முன்னமே ஒன்றரை மணி நேரத்தை இழக்கிறார்கள்.

காலை 10 மணிக்குப் புறப்படுவதாகத்தான் ஏற்பாடு. 370 கிலோமீற்றருக்குப் பத்து மணி நேரம். மணிக்கு 37 கிலோமீற்றர் போனாலே போதும். நிம்மதியான கணக்கு. அதைக் கெடுத்தது ஒரு பிறப்புச் சான்றிதழ்.

எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. என் பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு முந்தின கிழமையே விண்ணப்பித்திருந்தேன். புறப்படும் நாள் காலை ஒன்பது மணிக்கு வந்து எடுக்கச் சொன்னார்கள். ஒன்பதுக்குப் போனேன். பிரதி அச்சாகி, முத்திரையும் குத்தி, மேசையில் என் கண் முன்னால் கிடந்தது. கையெழுத்துத்தான் இல்லை. "ஐயா கூட்டத்துக்குப் போட்டார் தம்பி, இப்ப வந்திடுவார்" என்றார் அங்கிருந்த பெண். பத்து மணிக்கும் அதே பதில். பதினொரு மணிக்கு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். மேலே மின்விசிறி சுற்றச் சுற்ற அந்தத் தாளின் ஒரு மூலை எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வாங்கில் ஒரு வயதானவர் காணி உறுதியோடு இருந்தார். இதே அலுவலகத்துக்குப் பல தடவை வந்துவிட்டதாகச் சொன்னார். நான் ஒரு காலைப்பொழுது காத்திருந்ததற்கே கோபப்பட்டேன். அவர் இங்கேதான் இருக்கிறார், திரும்பத் திரும்ப வருகிறார். அதை நினைத்த பிறகு என்னால் சத்தம் போடவும் முடியவில்லை. கையெழுத்துக் கிடைத்தபோது மணி 12:15. வான் யாழ்ப்பாணத்தை விட்டது 12:30க்கு.

இப்போது கணக்கை எழுதுவோம். மிஞ்சிய தூரம் d, வேகம் v, கெடு நேரம் T, இப்போதைய நேரம் t, வழியில் நிற்கும் நேரம் s. மிஞ்சிய நேரத்துக்குள் ஓடக்கூடிய தூரம், மிஞ்சிய தூரத்துக்குக் குறையக்கூடாது:

v × (T − t − s) ≥ d

அடைப்புக்குள் உள்ள நேரம் சுழியத்தை விடப் பெரியது என்றால் இரண்டு பக்கத்தையும் அதனால் வகுக்கலாம். சமனிலிக் குறி திரும்பாது:

v ≥ d ÷ (T − t − s)

அந்த "பெரியது என்றால்" முக்கியம். நிற்கும் நேரம் மிஞ்சிய நேரத்தை விட அதிகமாகிவிட்டால் அடைப்புக்குள் வருவது மறை எண். அதைக் கவனிக்காமல் வகுத்தால், வேகம் ஏதோ ஒரு மறை எண்ணை விடக் கூடினால் போதும் என்று, எந்த வேகமும் சரி என்பதுபோல விடை வரும். உண்மையில் அந்த இடத்தில் எந்த வேகமும் உதவாது.

12:30க்கு நிற்காமல் போனால் 370 ÷ 7.5, அதாவது 49.3. சாப்பாட்டுக்கும் டீசலுக்கும் முக்கால் மணி ஒதுக்கினால் 370 ÷ 6.75, அதாவது 54.8. 37 ஆக இருந்தது ஒரு கையெழுத்துக்காக 55 ஆகிவிட்டது. ஊருக்கு வெளியே வானுக்கு வேக எல்லை 70, ஊர்களுக்குள் 50. ஆகவே 55 முடியாத வேகம் அல்ல. ஆனால் அது முழு வழிக்குமான சராசரி.

கிளிநொச்சியில் பெரியம்மா. "ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ, அடுத்த முறை நான் இருக்கிறனோ தெரியாது" என்று காலையிலேயே போன் எடுத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் போன பிறகும் அங்கேயே இருந்தவர். இடம்பெயர்ந்து, அதே வளவுக்குத் திரும்பி வந்து, திரும்பவும் கிணறு இறைத்தவர். அவருக்கு எப்படி இல்லை என்பது? இருபது நிமிடம். ஒடியல் மாப் பார்சல் ஒன்று மடியில் ஏறியது. அப்புறம் முறிகண்டி. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்த இடத்தைக் கடக்க எங்கள் சாரதிக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. கச்சானோடு சேர்த்துப் பத்து நிமிடம். இந்த இரண்டையும் தவிர்க்கச் சொல்லி நான் எழுதமாட்டேன். s என்ற எழுத்துக்குள் அவற்றை முதலே போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். பெரியம்மாவுக்குப் புறப்படும் நாளின் இருபது நிமிடத்தைக் கொடுப்பதை விட, நடுவில் ஒரு முழு நாளைக் கொடுங்கள்.

வவுனியாவுக்கு வந்தபோது பிற்பகல் 3:30. மிஞ்சியது 230 கிலோமீற்றர், நாலரை மணி நேரம். 230 ÷ 4.5 = 51.1. "அம்பத்தைஞ்சில போனாலே காணும் அண்ணை" என்றார் சாரதி. அவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை. சாப்பிடாத மனிதரை இரவு வரை ஓட்டச் சொல்ல முடியாது. 25 நிமிடம் நின்றோம். அதைக் கழித்தாலும் 230 ÷ 4.08, சுமார் 56. இன்னும் பிடிக்கலாம் போலத்தான் தெரிந்தது.

தெரிந்தது பொய். காரணம், அந்த 230 கிலோமீற்றர் ஒரே மாதிரியான வீதி இல்லை. வவுனியாவிலிருந்து அனுராதபுரம் ஊடாகப் புத்தளம் வரை சுமார் 130 கிலோமீற்றர் பெரும்பாலும் திறந்த வீதி. புத்தளத்திலிருந்து கட்டுநாயக்கா சுமார் 100 கிலோமீற்றர். சிலாபம், வென்னப்புவ, நீர்கொழும்பு என்று ஊருக்கு மேல் ஊர். மாலை நேரத்தில் அங்கே சராசரி 45ஐத் தாண்டுவது கடினம். அந்தக் கடைசித் துண்டின் வேகம் சாரதியின் கையில் இல்லை. ஆகவே அதை முதலில் கழித்துவிட்டு, கையில் உள்ள துண்டுக்கு மட்டும் சமனிலி எழுதவேண்டும்:

130/v + 100/45 + s ≤ 4.5

நிமிடத்தில் பார்ப்போம். மொத்தம் 270 நிமிடம். கடைசி 100 கிலோமீற்றருக்கு 133 நிமிடம். நிற்காவிட்டால் மிச்சம் 137 நிமிடம். அதற்குள் 130 கிலோமீற்றர் என்றால் v ≥ 57. கஷ்டம், ஆனால் நடக்கும். 25 நிமிடம் நின்றால் மிச்சம் 112. v ≥ 70. சட்டம் விடும் உச்ச வேகமே 70. மதவாச்சிக்குள்ளும் அனுராதபுரத்துக்குள்ளும் 50இல் போகும் வாகனத்துக்கு 70 சராசரியாக வரவே வராது. v ≥ 70, v < 70 என்ற இரண்டு நிபந்தனைக்கும் பொதுவான விடை கிடையாது. வவுனியாச் சாப்பாட்டுக் கடையில் கை கழுவும்போதே எங்கள் விமானம் போய்விட்டது. மணிக்கூட்டில் மட்டும் இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

3:55க்குப் புறப்பட்டு, சாரதி ஒழுங்காக ஓட்டி, 6:20க்குப் புத்தளம். மிஞ்சியது 100 கிலோமீற்றர், 100 நிமிடம்: v ≥ 60. இருட்டிவிட்டது. சிலாபத்துக்கு முன் வாகன வரிசை. பின்னால் இருந்து யாரோ "கொஞ்சம் அமத்துங்கோ தம்பி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். இருட்டில் மாடு படுத்திருக்கும் வீதியில் ஒருவரை அப்படி அவசரப்படுத்துவது பாவம். பின்தங்கிய தூரத்தை வேகத்தால் மீட்பது எவ்வளவு கடினம் என்பதையும் அப்போது யாரும் யோசிப்பதில்லை. அந்த 100 கிலோமீற்றரில் முதல் பாதியை 40இல் போனால் 75 நிமிடம் போய்விடும். மீதிப் பாதிக்கு 25 நிமிடம், அதாவது மணிக்கு 120. வாசலில் வான் நின்றபோது 8:35. கவுண்டர் மூடியிருந்தது. புது ரிக்கற்றுக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆகவே சமனிலியை வேகத்துக்காகத் தீர்க்காதீர்கள். வேகத்தை வீதி தீர்மானிக்கிறது. நம் கையில் உள்ளது புறப்படும் நேரம், அதற்காகத் தீருங்கள்:

t ≤ T − s − (140/55 + 130/55 + 100/45)

வவுனியா வரை 140 கிலோமீற்றருக்கு 2 மணி 33 நிமிடம், புத்தளம் வரை 2 மணி 22 நிமிடம், கட்டுநாயக்கா வரை 2 மணி 13 நிமிடம். நிற்பதற்கு ஒரு மணி: வவுனியாவுக்கு முன்னே சாப்பாட்டுக்கும் முறிகண்டிக்கும் 40 நிமிடம், பின்னே டீசலுக்கு 20. வாசலில் 8:00 என்றால் பின்னோக்கிக் கழித்துக்கொண்டு வாருங்கள்: புத்தளத்தை 5:45க்கும், வவுனியாவை 3:05க்கும் கடந்திருக்கவேண்டும், யாழ்ப்பாணத்தை 11:50க்குள் விட்டிருக்கவேண்டும். ரயர் காற்றுப் போவதற்கும் மழைக்கும் ஒன்றரை மணி கூட்டினால் 10:20. அலுவலகத்தில் தாள் மேசையில் கிடந்தாலும் பத்து மணிக்கு எழும்பிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியை ஊரில் உள்ள ஒருவர் எடுத்துப் பிறகு அனுப்பலாம்.

இந்த நேரங்களைச் சாரதிக்கு முதல் நாள் இரவே தாளில் எழுதிக் கொடுங்கள். அவருக்கும் அது பாதுகாப்பு. வவுனியாவில் 3:05 தாண்டிவிட்டால் அங்கே வைத்தே துண்டு துண்டாகக் கணக்கைப் போடுங்கள். தேவையான சராசரி 60க்கு மேல் வந்தால் சாரதியிடம் ஒன்றும் சொல்லவேண்டாம், ரிக்கற் எடுத்துத் தந்தவருக்குப் போன் எடுங்கள். பல ரிக்கற்றுகளில், விமானம் போன பிறகு வராமல் விட்டதற்காகக் கட்டும் தண்டப்பணத்தை விட, போவதற்கு முன் திகதி மாற்றும் கட்டணம் குறைவு. வவுனியாவில் நிற்கும்போது அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.