மங்கலான நகலை மொழிபெயர்க்கக் கொடுக்கும் முன்

ஊரிலிருந்து ஃபேக்ஸில் வந்த பிறப்புச் சான்றிதழ், நகலின் நகல். அதை இங்குள்ள மொழியில் பெயர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறை, அதன் பின்னால் ‘மலா’ மட்டும் தெரிகிறது. வீட்டில் எல்லோருக்கும் அது விமலா என்று தெரியும். ஆனால் தாளை மட்டும் பார்ப்பவருக்கு அது கமலாவாகவும் இருக்கலாம், நிர்மலாவாகவும் இருக்கலாம். மொழிபெயர்ப்பாளரிடம் “விமலா என்றே போட்டுவிடுங்கள்” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். தாளில் இருப்பதைத்தான் பெயர்த்திருக்கிறேன் என்று அவர் கையெழுத்திடுகிறார். நகலையும் பெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரி, இல்லாத எழுத்து எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்பார்.

அந்த இடத்தில் வர வேண்டியது இப்படி: ‘[தொடக்கத்தில் ஓரிரு எழுத்துகள் தெளிவில்லை]மலா’. குறிப்பு சதுர அடைப்புக்குள், பெயர்ப்பின் மொழியிலேயே இருக்கும். எவ்வளவு போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும்: ஓர் எழுத்தா, ஒரு சொல்லா, இரண்டு வரியா. முத்திரை மங்கியிருந்தால் ‘[வட்ட முத்திரை, எழுத்துகள் தெளிவில்லை]’. எதுவும் எழுதப்படாத கட்டத்துக்கு ‘[காலி]’. காலியும் தெளிவின்மையும் ஒன்றல்ல, இரண்டையும் ஒரே கோடு போட்டு விட்டுவிடுவது பெரிய தவறு.

தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘செலவம்’ என்று தெரிந்தால் செல்வம் என்று துணியலாம். அதே தாளில் வேறு புள்ளிகளும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இன்னும் உறுதி. தூசியே புள்ளி மாதிரி உட்கார்ந்துகொள்வதும் உண்டு. எழுத்தே இல்லாத ஓரங்களிலும் அதே அளவுப் பொட்டுகள் சிதறியிருந்தால், எழுத்தின் மேல் இருப்பதையும் சந்தேகப்பட வேண்டும். எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் மேலிருந்து கீழாக ஓடும் கோடு பெரும்பாலும் நகல் இயந்திரக் கண்ணாடியின் அழுக்குதான்.

எண்களுக்கு, சொல்லை வைத்து எழுத்தைத் துணியும் இந்த உதவி கிடையாது. 3-இன் இடதுபக்கம் கறைபட்டால் 8. பிறந்த தேதி 13-ஆ 18-ஆ என்று தெரியவில்லை, பதிவு செய்த தேதியோ அதே மாதம் 16 என்று தெளிவாக இருக்கிறது என்று வையுங்கள். பிறக்கும் முன் பதிய முடியாது, அதனால் 13 என்று நமக்குப் புரிகிறது. அப்போதும் பெயர்ப்பில் ‘1[3 அல்லது 8, தெளிவில்லை]’ என்றுதான் வரும். காரணத்தை வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக அடியில் எழுதலாம்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? மங்கிய எழுத்தின் மேல் பேனாவால் எழுதாதீர்கள், திருத்திய ஆவணம் போல் ஆகிவிடும். மூலம் ஊரில் இருந்தால், ஃபேக்ஸை விட்டுவிட்டு 300 டிபிஐ-யில், வண்ணத்திலோ சாம்பல் நிறத்திலோ ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். வெறும் கறுப்பு வெள்ளையில் மெல்லிய கோடுகள் அழிந்துவிடும். பெயரோ பிறந்த தேதியோ அடைப்புக்குள் போகிற நிலை என்றால், மொழிபெயர்ப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் புதிய சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.