பணம் மட்டும் போட்ட பங்குதாரரின் வீடு எப்படிக் கடனுக்குப் போகிறது?

பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் தோல் வியாபாரம் தொடங்குகிறவர்கள் முதலில் சொந்தக்காரர்களிடம்தான் முதல் கேட்பார்கள். “நீங்க பணம் மட்டும் போடுங்க மாமா, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்று அக்கா மகன் சொல்வான். மாமாவும் கூட்டாண்மைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். போனால் போட்ட பணம்தானே போகும் என்று அவர் நினைப்பதுதான் முதல் தவறு.

ஒரு உதாரணம் பார்ப்போம். மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடியில் சொந்த வீடு இருக்கிறது. அவர் போட்டது 5 லட்சம், பங்கு 20 சதவீதம். 2 லட்சத்துக்கு மேல் கடனுக்குச் சரக்கு எடுத்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதியும் வைத்தார். மருமகன் அவரிடம் சொல்லாமல் ராணிப்பேட்டை வியாபாரி ஒருவரிடம் 18 லட்சத்துக்குப் பதனிட்ட தோலை நிறுவனத்தின் பெயரில் கடனுக்கு எடுத்தான். அதை வாங்கிய ஷூ கம்பெனி பணம் தரவில்லை. நிறுவனத்தின் சரக்கு, வங்கி இருப்பு எல்லாம் சேர்த்தாலும் 6 லட்சம்தான் தேறியது. பாக்கி 12 லட்சம்.

இதில் 20 சதவீதம், அதாவது 2 லட்சத்து 40 ஆயிரம்தான் தன் தலையில் விழும் என்று மாமா கணக்குப் போடுவார். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 18ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பங்குதாரரும் நிறுவனத்தின் முகவர். 25ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் கடனுக்கு எல்லாரும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் முழுப் பொறுப்பு. எனவே ராணிப்பேட்டை வியாபாரி அந்த 12 லட்சத்தையும் மாமா ஒருவரிடமே வசூலிக்கலாம், அதற்காக வீட்டையும் ஜப்தி செய்யக் கேட்கலாம். மருமகன் தரவேண்டிய பங்கை மாமா பிறகு அவனிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவன் கையில் ஒன்றும் இல்லையென்றால் நஷ்டம் மாமாவுக்கு.

அப்போ அந்த 2 லட்ச வரம்பு? அது இருவருக்கும் நடுவே மட்டும் செல்லும். 20ஆம் பிரிவின்படி, அந்த வரம்பு தெரிந்தே சரக்கு கொடுத்தவரிடம்தான் அதைச் சொல்லித் தப்பிக்க முடியும். பத்திரத்தைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதை நான் பலரிடம் பார்க்கிறேன், வேதனையாக இருக்கிறது. சரக்கு கொடுக்கும் முக்கியமான வியாபாரிகளுக்கும் வங்கிக்கும் அந்த வரம்பைப் பதிவுத் தபாலில் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பத்திரம் எழுதினால் பதிவு ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நிறுவனத்தை மாவட்டப் பதிவாளரிடம் தனியாகப் பதிய வேண்டும். பதியாத நிறுவனம் அந்த ஷூ கம்பெனி மீது பாக்கிக்கு வழக்குப் போட முடியாது (பிரிவு 69). ஆனால் தோல் கொடுத்தவர் நிறுவனத்தின் மீது தாராளமாகப் போடலாம்.

விலகும்போதும் இதே ஆபத்து உண்டு. ஏப்ரலில் கணக்கு முடித்து விலகிய மாமாவை, அவர் பங்குதாரர் என்று அறிந்திருந்த வியாபாரி ஆகஸ்டில் கொடுத்த சரக்குக்கும் பிடிக்கலாம், பொது அறிவிப்பு வராத வரை. பதிவான நிறுவனத்தில் பொது அறிவிப்பு என்றால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் ஓடும் ஒரு தமிழ் நாளிதழிலும் வெளியிடுவது. விலகுமுன் வாங்கிய கடனுக்கு இதுவும் உதவாது. கடன் கொடுத்தவரே ஒத்துக்கொண்டு எழுதித் தர வேண்டும்.

இதே கதை எல்.எல்.பி.யில், அதாவது பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு வைத்த கூட்டாண்மையில் நடந்திருந்தால்? 2008ஆம் ஆண்டு எல்.எல்.பி. சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி மருமகன் எல்.எல்.பி.க்குத்தான் முகவர், மாமாவுக்கு அல்ல. 12 லட்சம் எல்.எல்.பி.யின் கடனாகவே நிற்கும். மாமாவுக்குப் போவது போட்ட 5 லட்சம். மேற்கொண்டு முதல் போடுவதாக ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டிருந்தால் அதுவும் போகும். காட்பாடி வீடு தப்பிக்கும். பணம் மட்டும் போடுகிறவர் எல்.எல்.பி.யைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. வருடாவருடம் மே 30க்குள் படிவம் 11, அக்டோபர் 30க்குள் படிவம் 8 தாக்கல் செய்யும் வேலை கூடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் எல்.எல்.பி. என்றதும் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடக் கூடாது. வங்கி கடன் தரும்போது பங்குதாரர்களிடம் சொந்த ஜாமீன் கேட்பது வழக்கம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடனுக்கு மட்டும் வீடு மறுபடி பொறுப்பில் வந்துவிடும். மோசடி நோக்கத்தோடு தொழில் நடத்தினால் அதில் ஈடுபட்டவருக்கு வரம்பே இல்லை. அப்புறம், கடன் ஏறிய பிறகு பழைய நிறுவனத்தை எல்.எல்.பி.யாக மாற்றித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாற்றும் முன் ஏற்பட்ட கடனுக்குப் பழைய பங்குதாரர்கள் எல்.எல்.பி.யோடு சேர்ந்து சொந்தமாகவும் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே சொல்கிறது. அந்த 18 லட்சத் தோல் வந்து இறங்குவதற்கு முன்பே மாற்றியிருந்தால்தான் மாமாவுக்குப் பயன்.