ராகி முறுக்கு கேப்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி நெருங்கும்போது இப்படி ஒரு கேப்ஷனை இன்ஸ்டகிராமில் பார்க்கலாம்: 'டயட் ராகி முறுக்கு! சுகரைக் குணமாக்கும், குளூட்டன் ஃப்ரீ!' சிறுதானியத் தின்பண்டம் செய்து விற்கப் புதிதாக இறங்கியவர்கள் ஆர்வத்தில் எழுதுவதுதான், ஆனால் இந்த ஒரு வரிக்குள்ளேயே பல தவறுகள் இருக்கின்றன.

முதலில் 'குணமாக்கும்'. ஓர் உணவு நோயைத் தடுக்கும், தணிக்கும், குணப்படுத்தும் என்று சிங்கப்பூரில் சொல்லி விற்கக் கூடாது. உணவு விதிமுறைகளில் உள்ள இந்தத் தடை பொட்டலத்தில் ஒட்டும் லேபிளுக்கு மட்டுமல்ல, விளம்பரத்துக்கும் உண்டு. விற்பதற்காகப் போடும் கேப்ஷனும் விளம்பரம்தான். அதைவிட, வீட்டில் நீரிழிவுள்ள பாட்டி அதை நம்பி ஒரு டப்பா முறுக்கைத் தின்றுவிடுவார் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ராகியிலும் மாவுச்சத்து நிறைய இருக்கிறது.

'டயட்' என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். எண்ணெயில் பொரித்த பண்டத்துக்கு அது பொருந்தாது. எடை குறையும் என்றுதான் வாங்குபவர் புரிந்துகொள்வார்.

அடுத்தது பொருள்பட்டியல், அதிகம் சறுக்குவது இங்கேதான். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும். ஒரு தடவைக்கு அரிசி மாவு 500 கிராம், ராகி மாவு 300, பொட்டுக்கடலை மாவு 100, வெண்ணெய் 50, எள் 20, உப்பு 15, பெருங்காயம் 5 போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயைப் பலர் எழுதுவதே இல்லை. பொரிப்பதற்கு முன்னும் பின்னும் சட்டியை எண்ணெயோடு நிறுத்துப் பாருங்கள், குறைந்த எடைதான் ஏறக்குறைய முறுக்கு குடித்த எண்ணெய். அது 250 கிராம் என்றால் பட்டியலில் பொட்டுக்கடலைக்கு முன்னால் எண்ணெய் வரும், எந்த எண்ணெய் என்றும் எழுத வேண்டும். இந்தக் கணக்கில் மொத்தம் 1,240 கிராம், அதில் ராகி கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. பெயர் ராகி முறுக்கு என்றாலும் முதலில் நிற்பது அரிசிதான், அதை மறைக்க வேண்டாம்.

பெருங்காயம் 5 கிராம்தானே என்று விட்டுவிடக் கூடாது. ராகியிலும் அரிசியிலும் குளூட்டன் இல்லை, ஆனால் கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கோதுமை இருந்தால் 'குளூட்டன் ஃப்ரீ' போய்விடும், கோதுமை என்று தெளிவாக எழுதியாக வேண்டும். வெண்ணெய்க்குப் பக்கத்தில் பால் என்றும்.

சரி, அப்படியானால் கேப்ஷன் எப்படி இருக்கும்? 'ராகி முறுக்கு. அரிசி மாவு, ராகி மாவு, சூரியகாந்தி எண்ணெய், பொட்டுக்கடலை மாவு, வெண்ணெய் (பால்), எள், உப்பு, பெருங்காயம் (கோதுமை உள்ளது). எண்ணெயில் பொரித்தது. மொறுமொறுப்பு, எள் வாசம்.' இவ்வளவு போதும்.

அப்புறம் கமெண்டில் யாராவது 'அக்கா, சுகர் உள்ளவங்க சாப்பிடலாமா?' என்று கேட்பார்கள். அங்கே போய் 'தாராளமா சாப்பிடலாம்' என்று எழுதினால் கேப்ஷனிலிருந்து நீக்கிய தவறு திரும்ப வந்துவிடும். 'இதில் அரிசி மாவும் எண்ணெயும் இருக்கு, உங்க டாக்டர்கிட்ட இந்தப் பட்டியலைக் காட்டிக் கேளுங்க' என்று பதில் போடுங்கள்.