மாற்றத்தக்க டிபெஞ்சர்: முதல் நாள் பதிவில் சறுக்கும் இடங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலை என்று வைத்துக்கொள்வோம். சம்பா அறுவடைக்குள் உலர்த்தும் எந்திரமும் சேமிப்புக் கலனும் வேண்டும். ஆலை ஒரு கோடி ரூபாய்க்கு டிபெஞ்சர் என்ற கடன் பத்திரம் வெளியிடுகிறது. காலம் 3 ஆண்டு, ஆண்டு முடிவில் 8% வட்டி. முடிவில் பணமாகவும் வாங்கலாம், ஒவ்வொரு டிபெஞ்சருக்கும் முன்பே குறித்த எண்ணிக்கையில் பங்காகவும் வாங்கலாம். எது என்பது முதலீட்டாளர் விருப்பம். பட்டியலிட்ட ஒரு நிறுவனத்தின் துணை நிறுவனம் என்பதால் இந்த ஆலைக்கு இண்ட் ஏ.எஸ். என்ற இந்தியக் கணக்கியல் தரநிலைகள் பொருந்தும்.

கணக்கர் ஒரு கோடியையும் கடன் என்று எழுதி முடித்துவிடுவார். அதுதான் முதல் தவறு. சந்தையில் 12% கேட்கும் ஆள் இங்கே 8 சதவீதத்துக்கு ஏன் சம்மதித்தார்? வட்டியில் விட்டதைப் பங்கில் பிடிக்கலாம் என்றுதான். அந்த உரிமைக்கு அவர் கொடுத்த விலையும் இந்த ஒரு கோடிக்குள் இருக்கிறது. அதைப் பிரித்து மூலதனப் பக்கம் வைக்கச் சொல்கிறது இண்ட் ஏ.எஸ். 32.

பிரிக்கும் முறை எளிது. பங்காக மாற்றும் உரிமையே இல்லையென்றால் இதே டிபெஞ்சருக்குச் சந்தை கேட்கும் வட்டி 12%. ஆலை கொடுக்கவேண்டிய பணத்தை அந்த வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று தவணை வட்டி, தலா 8,00,000. அதன் இன்றைய மதிப்பு 19,21,465. மூன்றாம் ஆண்டு முடிவில் தரும் அசல் ஒரு கோடியின் இன்றைய மதிப்பு 71,17,802. கூட்டினால் 90,39,267, இது கடன். ஒரு கோடியில் மிச்சம் 9,60,733, இது மூலதனம்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது அந்த 12 சதவீதத்தில்தான். சிலர் டிபெஞ்சரின் 8 சதவீதத்தையே போட்டு இன்றைய மதிப்பைக் கணக்கிடுவார்கள். விடை சரியாக ஒரு கோடி வரும், மூலதனம் பூஜ்யமாகிவிடும். அப்படி வந்தாலே வீதம் தப்பு என்று தெரிந்துகொள்ளலாம். இன்னும் நுட்பமான தவறு, வங்கியில் ஆலைக்கு இருக்கும் கேஷ் கிரெடிட் வட்டியை எடுப்பது. அது 10% என்றால் மூலதனப் பகுதி 4,97,370 ஆகச் சுருங்கும், ஏறக்குறைய பாதி. அந்தக் கடனுக்கு நெல் இருப்பும் ஆலை நிலமும் ஈடு. டிபெஞ்சருக்கு ஈடு ஏதுமில்லை. ஈடு, காலம், கடன் தரம் எல்லாம் ஒத்த, பங்காக மாறாத டிபெஞ்சரின் வட்டியே வேண்டும். அதை எப்படித் தேர்ந்தோம் என்று கோப்பில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

முறையைத் தலைகீழாகப் போடுகிறவர்களும் உண்டு. பங்காக மாற்றும் உரிமையின் விலையை ஏதோ ஒரு கணித மாதிரியை வைத்துக் கணக்கிட்டு, மீதியைக் கடன் என்பார்கள். கடனை முதலில் அளந்து, மிச்சத்தைத்தான் மூலதனத்துக்குத் தரவேண்டும். பிறகு பங்கு விலை ஏறி, மாற்றுவது நிச்சயம் என்று தோன்றினாலும் முதல் நாள் பிரிவைத் தொடக்கூடாது.

விருப்பம் இல்லாமல் கட்டாயம் பங்காக மாறும் டிபெஞ்சர் வேறு கதை. அசலைப் பணமாகத் தரவேண்டியதே இல்லை. எனவே கடன் என்பது வட்டித் தவணைகளின் 19,21,465 மட்டும். மீதி 80,78,535 மூலதனம். பழைய படிவத்தை நகலெடுத்து அசலின் இன்றைய மதிப்பையும் கடனில் சேர்த்த கோப்பை நானே பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: எத்தனை பங்கு? 'மாற்றும் நாளின் சந்தை மதிப்பில் 20% குறைத்து' என்றிருந்தால் பங்கு எண்ணிக்கை நிலையானதல்ல. அப்போது மூலதனப் பகுதி என்ற ஒன்றே கிடையாது, மேலே போட்ட கணக்கும் செல்லாது. குறித்த தொகைக்குக் குறித்த எண்ணிக்கை என்றிருந்தால்தான் அந்த உரிமை மூலதனமாகும்.

கடைசியாக, வெளியீட்டுச் செலவு. வழக்கறிஞர், முத்திரைத்தாள், தரகு எல்லாம் சேர்த்து 2,00,000 என்போம். அதை அப்படியே லாப நட்டத்தில் தள்ளுவது வழக்கம்; தவறு. இரண்டு பகுதிக்கும் அதே விகிதத்தில் பிரிக்க வேண்டும்: கடனுக்கு 1,80,785, மூலதனத்துக்கு 19,215. மூலதனத்தின் பங்கை அங்கேயே கழித்துவிடலாம். கடன் 88,58,482 ஆகக் குறைகிறது. ஆனால் தரவேண்டிய பணம் அதேதான், எனவே உண்மையான வட்டி வீதம் 12 அல்ல, சுமார் 12.82% ஆகிவிடும். முதல் ஆண்டிலிருந்தே வட்டிச் செலவை அந்த வீதத்தில் எழுதுங்கள். செலவைக் கழித்துவிட்டு 12 சதவீதத்திலேயே ஓட்டினால் மூன்றாம் ஆண்டு முடிவில் கடன் ஒரு கோடியைத் தொடாமல் குறைவாய் நிற்கும். அந்த இடைவெளியைத் தேடி ஒரு வாரம் போகும்.