விடுதி அறைப் படங்களை நம்பிப் பதிவு செய்யும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுதி அறையையோ விடுமுறைக் கால வாடகை வீட்டையோ இணையத்தில் தேடுபவர்கள், பத்துப் பன்னிரண்டு படங்களை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு அறை விசாலமானது, சன்னலுக்கு வெளியே கடல் இருக்கிறது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தப் படங்களில் ஒன்றுகூடப் போலியாக இல்லாதபோதும் அந்த முடிவு தவறாகப் போகலாம். படம் உண்மையா பொய்யா என்று மட்டும் கேட்காமல், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது, எதை விட்டுவிட்டது என்றும் கேட்க வேண்டும்.

முதல் தவறு, அறையின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவது. செல்பேசியின் வழக்கமான கேமரா, பழைய பிலிம் கேமரா கணக்கில் ஏறத்தாழ 26 மி.மீ. லென்ஸுக்கு ஒப்பானது. அது இடமிருந்து வலமாகச் சுமார் 70 பாகை அகலக் காட்சியைப் பிடிக்கும். அறைகளைப் படமெடுப்பவர்கள் பயன்படுத்தும் 16 மி.மீ. வைட் ஆங்கிள் லென்ஸ் ஏறத்தாழ 97 பாகையைப் பிடிக்கும். இதை ஏமாற்று வேலை என்று உடனே சொல்லிவிடக் கூடாது. சிறிய அறையில் பின்னால் நகர இடமில்லாததால், வேறு லென்ஸில் கட்டிலின் பாதி மட்டுமே படத்தில் விழும். ஆனால் இந்த லென்ஸைச் சுவரோரமாக வைத்து எடுக்கும்போது, கேமராவுக்கு அருகிலுள்ள தரை பெருத்து விரிகிறது, எதிர்ச்சுவரோ தொலைவுக்குப் போய்விடுகிறது. நாம் பார்க்கும் அந்தத் தாராளமான வெற்றிடம் பெரும்பாலும் படம் எடுத்தவரின் காலடியில் இருக்கும் ஓரிரண்டு அடித் தரைதான்.

இந்த லென்ஸ் பயன்பட்டிருக்கிறதா என்பதை அறியப் படத்தின் ஓரங்களைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் உருண்டை விளக்கு, வட்ட முக்காலி, திண்டு போன்றவை பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். 16 மி.மீ. லென்ஸில் விளிம்பை ஒட்டியுள்ள ஓர் உருண்டை, அதன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமாகத் தெரியும். இங்கே பலர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அது வட்டமாகத்தானே இருக்கிறது என்று ஏமாந்துபோகிறார்கள். கேமராவுக்கு நேர் எதிரே இருக்கும் சுவரில் தட்டையாக மாட்டிய வட்டம், எத்தகைய வைட் ஆங்கிள் படத்திலும் வட்டமாகவே விழும். முப்பரிமாணப் பொருள்கள்தாம் நீளும். அந்தக் கடிகாரம் வேறொரு சோதனைக்குப் பயன்படும். நேர் எதிர்ச்சுவரில் உள்ள கடிகாரமே நீள்வட்டமாகத் தெரிந்தால், எடுத்து முடித்த படத்தைக் கணினியில் அகலவாக்கில் இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். லென்ஸின் இயல்பை நான் குறை சொல்ல மாட்டேன். படத்தை இழுத்துப் போட்டவரிடம் நான் அறை எடுக்கவும் மாட்டேன்.

லென்ஸ் எதுவானாலும் மாறாத ஒன்று எண்ணிக்கை. தரையில் பதித்த டைல்ஸ் படத்தில் நீளலாம், சுருங்கலாம். ஆனால் ஐந்து கற்கள் ஆறாகிவிடாது. எனவே அளவை ஊகிப்பதை விட்டுவிட்டுக் கற்களை எண்ண வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் அறையின் விவரத்தில் பரப்பளவு 20 சதுர மீட்டர் என்றும், கட்டில் 150 செ.மீ. அகலம், 200 செ.மீ. நீளம் என்றும் எழுதியிருக்கிறது. முதல் படம் கட்டிலை நேராகக் காட்டுகிறது. கட்டிலின் கால்மாட்டு ஓரமாக எண்ணினால், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு இரண்டரைக் கற்கள் இருக்கின்றன. 150 செ.மீட்டரை இரண்டரையால் வகுத்தால் ஒரு கல் 60 செ.மீ. என்று வருகிறது. தரைக் கற்கள் பெரும்பாலும் 30, 45, 60 செ.மீ. என்ற அளவுகளில் வருவதால் இந்த விடை நம்பத்தக்கது. 52 என்றோ 71 என்றோ வந்திருந்தால் எண்ணிக்கையில் பிழை, அல்லது கட்டிலின் அளவைத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். இனி, கட்டிலின் இடப்புறம் சுவர் வரை ஒரு கல், வலப்புறம் ஒன்றரைக் கல். ஆக அறையின் அகலம் ஐந்து கல், அதாவது 3 மீட்டர்.

நீளத்தை அறிய அதே படம் உதவாது. எதிர்த்திசையிலிருந்து எடுத்த இன்னொரு படம் தேவை. சன்னல் பக்கமிருந்து எடுத்த படத்தில் கட்டிலின் கால்மாட்டுக்கும் தொலைக்காட்சி மாட்டிய சுவருக்கும் இடையே ஒன்றரைக் கல்தான் தெரிகிறது; அது 90 செ.மீ. கட்டிலின் 200 செ.மீட்டரையும் சேர்த்தால் அறையின் நீளம் 2.9 மீட்டர். முதல் படத்தில் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைக்கலாம் போலத் தெரிந்த இடம், ஒருவர் நடக்கப் போதுமான நடைபாதைதான். படுக்கும் பகுதி மொத்தம் 8.7 சதுர மீட்டர். விவரத்தில் சொன்ன 20 சதுர மீட்டரும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. குளியலறை, நுழைவு நடை, சில இடங்களில் பால்கனி எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் குழந்தைக்குத் தொட்டில் போட நினைப்பவருக்கோ சக்கர நாற்காலியில் வருபவருக்கோ தேவையான விடை, பரப்பளவு என்ற அந்த ஒற்றை எண்ணில் இல்லை.

இப்படி எண்ணும்போது மெத்தையின் விளிம்பை வைத்து எண்ணிவிடக் கூடாது. மெத்தை தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதால், அதன் விளிம்பு பின்னாலுள்ள கற்களை மறைத்துக் கணக்கைக் கெடுக்கும். கட்டில் கால் தரையைத் தொடும் இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கட்டிலின் பெயரை மட்டும் அளவாகக் கொள்வதும் தவறு. ஒரே பெயருள்ள கட்டில் நாட்டுக்கு நாடு வேறு அகலத்தில் வருகிறது, இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டு ஒன்றாகக் காட்டுவதும் உண்டு. செ.மீட்டரில் அளவு கொடுக்காதவரிடம் அதைக் கேட்டு வாங்கிய பிறகே கணக்கைத் தொடங்குவது நல்லது. மரப்பலகைத் தரையிலும் கம்பளத்திலும் இந்த முறை பயன்படாது. அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்த தவறு, வெளிக்காட்சிப் படத்தை அந்த அறையின் காட்சியாக எடுத்துக்கொள்வது. கடல் மட்டும் தெரியும், சன்னல் சட்டமோ பால்கனிக் கம்பியோ ஓரத்தில் இல்லாத படம், மொட்டை மாடியிலிருந்தோ டிரோனிலிருந்தோ எடுத்ததாக இருக்கலாம். அதை அறையின் காட்சி என்று கொள்ளக் கூடாது. எல்லாப் படங்களிலும் திரைச்சீலை மூடியிருப்பதும், பகலிலும் எல்லா விளக்குகளும் எரிவதும், சன்னல் வெறும் வெள்ளையாகத் தெரிவதும் கவனிக்க வேண்டியவை. வெள்ளையாகத் தெரிவது கேமராவின் இயலாமையாலும் நிகழும் என்பதால் அதை மட்டும் வைத்து ஐயப்பட வேண்டாம். ஆனால் ஒரு படத்தில்கூடச் சன்னலின் மறுபக்கம் தெரியவில்லை என்றால், அங்கே பக்கத்துக் கட்டடத்தின் சுவர் இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சன்னலுக்குள் கடல் தெளிவாகத் தெரியும் படத்தையும் சோதிக்க வழி இருக்கிறது. கடலும் வானமும் சேரும் கோடு, எத்தனையாவது மாடியாக இருந்தாலும், படத்தில் கேமரா இருந்த உயரத்திலேயே விழும். அறைப் படங்களில் கேமரா பெரும்பாலும் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கும். படத்தில் ஓர் அலமாரி இருந்தால், எந்தத் தட்டின் மேற்புறமும் அடிப்புறமும் தெரியாமல் வெறும் விளிம்பு மட்டும் தெரிகிறதோ அதுவே கேமராவின் உயரம். அடிவானம் அந்த உயரத்தை ஒட்டி இல்லாமல் சன்னலின் உச்சியிலோ அடிக்கட்டையிலோ நின்றால், அந்தக் கடலைப் பின்னர் ஒட்டியிருக்கிறார்கள். வெளிச்ச வேறுபாட்டைச் சமாளிக்க ஒரே இடத்தில் பல படங்கள் எடுத்து இணைப்பது முறையான வேலை. அப்படி இணைத்தாலும் அடிவானம் இடம் மாறாது.

கட்டடத்தின் இடம் தெரிந்திருந்தால் செயற்கைக்கோள் வரைபடத்தில் அதற்கும் கடலுக்கும் நடுவே என்ன நிற்கிறது என்று பார்க்கலாம். கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சியில் படம் எடுத்த மாதமும் ஆண்டும் இருக்கும். பல ஆண்டுகளுக்கு முந்தைய படத்தில் வெற்று மனையாக இருந்த இடத்தில் இன்று கட்டடம் எழுந்திருக்கலாம். தங்கிச் சென்றவர்கள் அண்மையில் ஏற்றிய படங்கள் இந்த ஐயத்தைத் தீர்க்கும்.

இரவல் படங்களைத் தேடும்போது நேரும் தவறு வேறு வகையானது. கூகுள் லென்ஸிலோ TinEye தளத்திலோ படத்தைக் கொடுத்துத் தேடுபவர்கள், அது ஐந்து தளங்களில் கிடைத்துவிட்டால் மோசடி என்று முடிவு கட்டுகிறார்கள். ஒரே விடுதி பல முன்பதிவுத் தளங்களில் இருப்பது இயல்பு. அதே படம் வேறு பெயரில், வேறு ஊரில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எதுவும் கிடைக்காவிட்டாலும் படம் சொந்தமானது என்று உறுதியாகிவிடாது; இடவலமாகத் திருப்பிய படத்தைத் தேடுபொறி தவறவிடக்கூடும். புத்தக முதுகிலோ கடிகாரத்திலோ எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால், படத்தைத் திருப்பிப்போட்டு மீண்டும் தேட வேண்டும்.

தேடுபொறியால் பிடிக்க முடியாத இரவல் ஒன்று உண்டு. பல அறைகளை ஒருவரே வாடகைக்கு விடும் கட்டடத்தில், நன்றாக அமைந்த ஓர் அறையின் படங்களை எல்லா அறைகளுக்கும் போட்டுவிடுவார்கள். படம் அவர்களுடையதுதான், அறைதான் நமக்குக் கிடைக்கப்போவதல்ல. படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் இது வெளிப்படும். சன்னல் கைப்பிடி, சுவிட்சுப் பலகை, சுவரடிப் பட்டி, ஏ.சி. மாட்டிய இடம் ஆகியவற்றைப் பாருங்கள். திரைச்சீலையும் விரிப்பும் மாறுவது இயல்பு. ஒரே அறையில் சன்னல் கைப்பிடி இரண்டு வகையாக இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் நீடித்தால் உரிமையாளரிடம் கேட்கலாம். ஆனால் "அறை பெரிதா, கடல் தெரியுமா" என்று கேட்டால் ஆம் என்ற பதில்தான் வரும். கட்டிலின் கால்மாட்டுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே எத்தனை செ.மீ. என்றும், எனக்கு ஒதுக்கப்போகும் அறையில் கதவிலிருந்து சன்னல் வரை நடந்தபடி, திரையை விலக்கி எடுத்த ஒரு காணொளி அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்வியையும் பதிலையும் முன்பதிவுத் தளத்தின் செய்திப் பகுதியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்; தொலைபேசியில் பேசினால் பின்னர் காட்ட எதுவும் இருக்காது. பணம் கட்டும் நாளன்றே அறைப் படங்களையும் விவரத்தையும் திரைப்பிடிப்பாகச் சேமித்துவிடுங்கள், ஏனெனில் விவரப் பக்கத்தை உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிட முடியும்.