கறுப்பு வெளுத்துப்போன படமும் அதைக் கெடுக்கும் தவறுகளும்

பெசன்ட் நகர் கடற்கரையில் காலை ஆறரை மணி. படகு ஓரமாக உட்கார்ந்து வலை பின்னும் ஒருவரை வடக்குப் பார்த்து எடுத்தேன். சூரியன் வலப்பக்கம், சட்டகத்துக்குச் சற்று வெளியே. படத்தில் சூரியனும் இல்லை, வட்ட வட்டமான ஒளிப் புள்ளிகளும் இல்லை. ஆனாலும் அவர் தலைமுடி சாம்பல் பூசியது போல இருந்தது, வலையின் முடிச்சுகள் ஒன்றோடொன்று கரைந்துபோயிருந்தன.

இதை எக்ஸ்போஷர் தவறு என்று நினைத்துவிடுவதுதான் முதல் தவறு. புள்ளியாகவும் கோடாகவும் தெரியும் ஃபிளேரை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே வெளிச்சம் லென்ஸுக்குள் கண்ணாடிக்குக் கண்ணாடி பட்டுத் தெறித்து, படம் முழுவதும் மெல்லிய திரையாகப் பரவினால் அது வெய்லிங் கிளேர். அதற்கு உருவம் இல்லாததால் கண்ணில் சிக்காது.

ஒரு கணக்குப் போட்டால் அது செய்யும் வேலை புரியும். முடியின் இருண்ட பகுதி 1 அளவு வெளிச்சம், அதில் மினுங்கும் இழை 4 அளவு, வானம் 400 என்று வைத்துக்கொள்வோம். திரை எல்லா இடத்திலும் 20 அளவைக் கூட்டுகிறது. வானம் 420 ஆகும், வித்தியாசமே தெரியாது. முடி 21, இழை 24. முடியைவிட நான்கு மடங்காக இருந்த இழை, இப்போது அதைவிட ஏழில் ஒரு பங்கு மட்டுமே கூடுதல். அடி வாங்குவது எப்போதும் நிழல்தான்.

லென்ஸ் ஹூட் இதற்குத்தான் இருக்கிறது. ஆனால் பையில் வைக்க வசதியாக அதைத் திருப்பி மாட்டி, அப்படியே படம் எடுப்பவர்கள் ஏராளம். அப்படி மாட்டினால் அது வெறும் பாரம். இன்னொன்று, ஜூம் லென்ஸின் ஹூட் பெரும்பாலும் அகலக் கோணத்தில் மூலைகளை மறைக்காத அளவுக்கே வெட்டப்பட்டிருக்கும். 24-70 லென்ஸை 70க்குக் கொண்டுபோனால் அந்த ஹூட் போதாது. நான் ஹூட் மாட்டித்தான் இருந்தேன், 70இல்தான் எடுத்தேன்.

எனவே ஹூட் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, லென்ஸின் முன் கண்ணாடியில் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், இடது கையையோ தொப்பியையோ சூரியன் இருக்கும் பக்கம் நீட்டி, அதன் நிழல் கண்ணாடியை முழுவதும் மூடும்வரை நகர்த்துங்கள். கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டே செய்தால், நிழல் சரியாக விழுந்த கணத்தில் கறுப்பு சட்டென்று ஆழமாவது தெரியும். கை படத்துக்குள் எட்டிப்பார்க்கிறதா என்று ஓரங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அன்றைக்கு நண்பர் ஒருவர் செய்தித்தாளைப் பிடித்தார், அடுத்த படத்தில் முடிச்சுகள் தனித்தனியாக நின்றன.

சூரியன் சட்டகத்துக்குள்ளேயே இருந்தால் ஹூட்டால் பயனில்லை. அப்போது பாதுகாப்புக்கென்று மாட்டிய ஃபில்டரைக் கழற்றுங்கள். அது கூடுதலாக இரண்டு பரப்புகள், பூச்சு இல்லாத ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். விரல் ரேகையும் உப்புக்காற்றின் பிசுக்கும் இருந்தால் இன்னும் மோசம், துடைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு அடி நகர்ந்து, சூரியனைப் படகின் முனைக்கோ ஒரு மரத்துக்கோ பின்னால் ஒளித்துப் பாருங்கள்.

சரி, வெளுத்த படம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. Lightroom-இல் Dehaze-ஐப் படம் முழுக்க ஏற்றுவதுதான் இங்கே பலரும் செய்வது. கெடாத இடதுபக்கமும் சேர்ந்து இருண்டு, வானம் அழுக்கு நீலமாகிவிடும். திரை சூரியன் பக்கத்தில் அடர்த்தி, போகப்போக மெலிதாகும். அதனால் வலது ஓரத்திலிருந்து Linear Gradient இழுத்து, அதற்குள் மட்டும் முதலில் Blacks-ஐக் குறையுங்கள். முடியின் மிக இருண்ட இடம் கறுப்பைத் தொடும்போது நிறுத்திவிட்டு, Dehaze-ஐ 15, 20 என்று கொஞ்சமாகச் சேருங்கள். காலை வெயிலின் திரை மஞ்சள் கலந்தது, Dehaze வேறு நிறத்தைத் தூக்கும். அதனால் அதே கிரேடியன்ட்டில் Saturation-ஐச் சற்று இறக்கி, Temp-ஐ நீலப் பக்கம் நகர்த்த வேண்டிவரும். முகம் அந்தப் பகுதிக்குள் வந்தால் Subtract செய்து பிரஷ்ஷால் விலக்கிவிடுங்கள், இல்லையென்றால் தோல் திட்டுத்திட்டாகிவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. கூடுதலாக வந்த 20ஐக் கழித்துவிடலாம், ஆனால் அந்த வெளிச்சம் கொண்டுவந்த நாய்ஸ் கழியாது. 21க்கும் 24க்கும் உள்ள இடைவெளியை இழுத்து விரிக்கும்போது அதுவும் விரிகிறது. RAW கோப்பு ஓரளவு தாங்கும், JPEG படிக்கட்டு போல உடைந்து காட்டும். என் முதல் படத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தபோது முடி கறுத்திருந்தது, ஆனால் இழைகள் இருந்த இடத்தில் பொரிப்பொரியாக மணல் தூவியது போல இருந்தது. செய்தித்தாள் பிடித்த படத்தில் அதே இழைகளை எண்ண முடிந்தது.