ஆடித் தள்ளுபடிக்கு முந்தைய மாலை: டூட்டிப் பட்டியலில் செய்யக்கூடாத தவறுகள்

சென்னை தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் இரவு மேற்பார்வையாளராக இருந்தபோது, ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்கு முந்தைய மாலை ஏழு மணிக்கு டூட்டிப் பட்டியலைக் கையில் எடுத்தேன். குடோன் பட்டியலில் இரவு 10 முதல் காலை 6 வரை சரக்கு இறக்க 14 பேர். கடைத்தளப் பட்டியலில் காலை 6 முதல் 2 வரை 22 பேர். மொத்தம் 36 இடங்கள், எல்லாம் நிரம்பியிருந்தன. ஆனால் பெயர்களை ஒவ்வொன்றாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது 33 பேர்தான் வந்தார்கள். மூன்று பேர் இரண்டிலும் இருந்தார்கள்.

முதல் தவறு, இடங்களை எண்ணிவிட்டு ஆட்களை எண்ணாமல் விடுவது. இரண்டு பொறுப்பாளர்கள் தனித்தனியே பட்டியல் போட்டால் இரண்டுமே தனியாகப் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். இரவு ஷிப்ட் தொடங்கும் தேதியில் எழுதப்படுவதால் மோதல் இன்னும் மறைந்துபோகும்: வியாழன் இரவு ஒரு கட்டத்தில், வெள்ளி காலை இன்னொரு கட்டத்தில். இடையில் ஒரு நிமிட ஓய்வுகூட இல்லை என்பது கண்ணில் படாது. பெயருக்குப் பதிலாகப் பணியாளர் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். ஒரே பெயரில் இருவர் இருக்கும் கடைகளில் பெயரை நம்பினால் இல்லாத மோதல் தெரியும், இருக்கும் மோதல் தெரியாது.

இரண்டாவது தவறுதான் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. "ஒரு நாள்தானே, சமாளித்துவிடுவார்கள்" என்று மூவரையும் பதினாறு மணி நேரம் நிற்க வைப்பது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாள் வேலை எட்டு மணி நேரம். மிகைநேரத்தைச் சேர்த்தாலும் பத்தைத் தாண்டக்கூடாது. இரட்டிப்புச் சம்பளம் கொடுப்பதால் அந்த வரம்பு நீளாது. அதோடு, இரவெல்லாம் பேல் சுமந்தவர் காலையில் ஏணியேறி மேல் தட்டிலிருந்து சேலைக் கட்டை இறக்கினால் கால் நடுங்கும்.

ஆள் கிடைக்காதபோது வேலையைக் குறைக்க வேண்டும். மூவரையும் காலைக்கு வைத்துக்கொண்டு இரவை 11 பேருடன் நடத்தினோம். இரண்டு லாரிகளில் தரைத்தளச் சேலைகள் வந்ததை முதலில் இறக்கினோம். மூன்றாம் தளத்துப் போர்வை, படுக்கை விரிப்புகளை மதிய ஷிப்டுக்கு ஒதுக்கினோம். முதல் நாள் கூட்டம் மொய்ப்பது சேலைப் பக்கம்தான்.

மூன்றாவது தவறை நானே செய்தேன். மூவரில் இருவரிடம் போனில் பேசித் தூங்கச் சொன்னேன். மூன்றாமவர் எடுக்கவில்லை, குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, திருத்திய பட்டியலை அலுவலக அறையில் ஒட்டினேன். குடோன் கதவில் இருந்த பழைய தாளைக் கிழிக்க மறந்தேன். செய்தியைப் பார்க்காத அவர் அந்தத் தாளில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, இரவு பத்துக்குச் சாப்பாட்டுத் தூக்குடன் லாரிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.